சி வகுப்பு என்று எழுதியிருந்த டக்டை பி வகுப்பில் சோதித்த கதை

கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்கு ஏசி டக்ட் அடித்துக் கொடுக்கும் வேலை. குளிர்காற்றை அனுப்பும் சப்ளை டக்டின் முதல் பகுதி போன வாரம்தான் கசிவுச் சோதனையில் தேறியது. அதன் கூடவே ஒரு எழுத்துக் குழப்பமும் தீர்ந்தது. இதே குழப்பத்தில் மாட்டியிருக்கும் ஆட்கள் கொழும்பில் இன்னும் இருப்பார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

டெண்டர் பத்திரத்தில் டக்ட் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. குறைந்த அழுத்த டக்ட், சி வகுப்பு, சீல் செய்து கசிவுச் சோதனை செய்யப்பட வேண்டும். எந்த நியமத்தின் சி வகுப்பு என்று இல்லை. நம்மூரில் சில ஆலோசகர்கள் பிரித்தானிய டி.டபிள்யூ. 144-ஐப் பார்த்து எழுதுவார்கள், சிலர் அமெரிக்க ஸ்மாக்னாவைப் பார்த்து எழுதுவார்கள். பழைய பத்திரங்களிலிருந்து வெட்டி ஒட்டும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால் இரண்டிலும் எழுத்துகள் எதிர்த் திசையில் ஓடுகின்றன. ஸ்மாக்னாவில் ஏ, பி, சி என்பது எந்த இடங்களுக்கெல்லாம் சீலன்ட் பூச வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஏ என்றால் குறுக்கு மூட்டு, நீளவாட்டு மடிப்பு, தகட்டைத் துளைத்து வரும் தண்டு எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். சி என்றால் குறுக்கு மூட்டுக்கு மட்டும் போதும், ஆக அதுதான் இளகிய வகுப்பு. டி.டபிள்யூ. 144-இல் மடிப்பு, மூட்டு எல்லாவற்றுக்கும் எப்படியும் சீலன்ட் உண்டு. அங்கே எழுத்து சொல்வது எவ்வளவு கசியலாம் என்பதை. ஏ இளகியது, சி இறுக்கமானது, உயர் அழுத்த டக்டுக்கு உரியது.

பேச்சோடு விடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டி.டபிள்யூ. 144-இன் வரம்பு இப்படி:

```
A : q = 0.027 × p^0.65
B : q = 0.009 × p^0.65
C : q = 0.003 × p^0.65
```

q என்பது ஒரு சதுர மீற்றர் டக்ட் மேற்பரப்புக்கு விநாடிக்கு எத்தனை லீற்றர் கசியலாம் என்பது. p என்பது பாஸ்கலில் சோதனை அழுத்தம். நாங்கள் முதலில் சோதிக்க இருந்த பகுதியின் மேற்பரப்பு 64 சதுர மீற்றர். 300 பாஸ்கலில் டி.டபிள்யூ.வின் சி வகுப்பு அந்தப் பகுதிக்கு அனுமதிப்பது 7.8 லீற்றர். ஸ்மாக்னாவின் சி சீலுக்கு, சதுர டக்டில், பழைய கையேடு எதிர்பார்க்கும் கசிவு வகுப்பு 24. அதை நம் அலகுக்கு மாற்றினால் அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட 88 லீற்றர். ஒரே எழுத்து, பதினொரு மடங்கு வித்தியாசம். விலை கொடுத்தவர் இளகிய சி என்று நினைத்துக் கொடுத்திருப்பார், சோதனை பார்க்க வருபவர் இறுக்கமான சி என்று நினைத்து வருவார்.

ஆலோசகரிடம் இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எது சரி என்று கேட்பதைவிட இந்த டக்டுக்கு எது வேண்டும் என்று கேட்பதுதான் வேலைக்கு ஆகும்.

முழு சப்ளை டக்டின் மேற்பரப்பு 186 சதுர மீற்றர், காற்று விநாடிக்கு 2400 லீற்றர். மின்விசிறி அறை வாயில் 280 பாஸ்கல், கடைசிக் கிளையில் அதில் மிகக் குறைவு. சராசரி 150 என்று வைத்தால் ஏ வகுப்பில் 130 லீற்றர் கசியலாம், அதாவது ஐந்து வீதத்துக்கு மேல். பி வகுப்பில் 43 லீற்றர், இரண்டு வீதத்துக்குள். சி வகுப்பில் 15 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஏயிலிருந்து பிக்குப் போனால் 87 லீற்றர் மிச்சம். பியிலிருந்து சிக்குப் போனால் இன்னும் 29 லீற்றர்தான் மிச்சம். அந்த 29-க்காக சிலாப்புக்கு அடியில் கை நுழையாத ஒவ்வொரு மூட்டையும் தொழிற்சாலை வேலை மாதிரி முடிக்க வேண்டும்.

ஏ வேண்டாம் என்பதற்குக் காரணம் மின்கட்டணம் மட்டுமில்லை. கொழும்புக் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் பனிநிலை பெரும்பாலும் 24 பாகையைச் சுற்றி நிற்கும். டக்டுக்குள் ஓடுவது 13 பாகைக் காற்று. இடுக்கு வழியாக அது வெளியே சீறும் இடத்தில் இன்சுலேஷனின் அலுமினியத் தாள் குளிர்ந்துவிடும், வெளிக்காற்று எட்டிப் பார்க்கும் சீலிங்குக்குள் அந்த இடத்தில் தண்ணீர் கோர்க்கும். பிறகு சீலிங் பலகையில் மஞ்சள் வட்டம் விழும், எல்லாரும் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏ.எச்.யு.வின் வடிகால் தட்டைக் குறை சொல்வார்கள். ஆலோசகர் பி வகுப்புக்கு ஒத்துக்கொண்டு எழுத்தில் தந்தார். தகட்டின் கனமும் கட்டுமானமும் குறைந்த அழுத்தத்துக்கு உரியவை, அதாவது 500 பாஸ்கல் வரை. கசிவு வரம்பு மட்டும் பி. இந்த இரண்டையும் பிரித்து எழுதலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, டி.டபிள்யூ. 144-இல் குறைந்த அழுத்த டக்டுக்குச் சோதனை தானாக வராது. வேண்டுமென்றால் பத்திரத்தில் கேட்டிருக்க வேண்டும்.

சோதனை அழுத்தம் 300 என்று முடிவானது. இயங்கும்போது டக்ட் காணும் அதிகபட்சம் 280, அதற்குச் சற்று மேலே. 500-இல் சோதித்தால் வரம்பும் கூடவே ஏறும் என்பதால் டக்ட் ஒன்றும் இறுக்கமாகிவிடாது. அடைப்புத் தகடுகள் மட்டும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

இனி வேலை. பகுதியின் அளவு: 900க்கு 350 மில்லிமீற்றர் முதன்மை டக்ட், அதாவது டிரங்க், 16 மீற்றர், சுற்றளவு 2.5, ஆக 40 சதுர மீற்றர். 600க்கு 300 டக்ட் 11 மீற்றர், அது 19.8. ரெடியூசரும் கிளைக் குட்டைகளும் சேர்ந்து 4.2. மொத்தம் 64. இதைச் சோதனைக்கு முன்பே வரைபடத்திலிருந்து கூட்டி ஆலோசகரிடம் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். எண் வந்த பிறகு பரப்பளவைக் கூட்டப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள். வரம்பு 64 × 0.367, அதாவது 23.5 லீற்றர்.

ஏ.எச்.யு., வளையும் குழாய், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வி.ஏ.வி. பெட்டி எதுவும் இந்தச் சோதனையில் இல்லை. அவை தொடங்கும் வாயெல்லாம் அடைக்கப்பட வேண்டும். பொலித்தீனும் டேப்பும் போட்டு அடைக்கலாம் என்று பெடியன்கள் ஆரம்பித்தார்கள். 900க்கு 350 வாயில் 300 பாஸ்கல் தள்ளும் விசை ஏறக்குறைய பத்துக் கிலோ எடை. டேப் அதைக் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு ஓரம் உரியத் தொடங்கும், கசிவு எண் மெதுவாக ஏறும், டக்டில்தான் குறை என்று தேடிக்கொண்டிருப்போம். அதனால் பெரிய வாய்களுக்கு ஜி.ஐ. தகடு வெட்டி, நுரை கேஸ்கெட் ஒட்டி, ஃபிளாஞ்சோடு கிளாம்ப் போட்டோம். வட்டக் கிளைகளுக்கு மூடி செருகி, சுற்றி சீலன்ட்.

சீலன்ட் பற்றி ஒரு வார்த்தை. பழைய சோனகத் தெருவில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோனில் புளித்த வினாகிரி மணம் வந்தால் வாங்காதீர்கள். அது காயும்போது விடும் அசிட்டிக் அமிலம் தகட்டின் நாகப் பூச்சைத் தின்னும். மணமில்லாத நியூட்ரல் வகை வேண்டும். மூட்டுகளுக்கு நாங்கள் போட்டது தண்ணீர் அடிப்படையிலான டக்ட் சீலன்ட். அது காயத் தண்ணீர் ஆவியாக வேண்டும், மழை நாளில் கொழும்புக் காற்று அதற்கு இடம் கொடுக்காது. மேலே தோல் கட்டிக் காய்ந்தது போல இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே பிசுபிசுக்கும். அந்த நிலையில் அழுத்தம் ஏற்றினால் தோலைக் குமிழாகத் தள்ளி உடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிட இன்னொரு நாள் விட்டுத்தான் கசிவு அளக்கும் ரிக்கை வரவழைத்தோம். ரிக்கின் ஒரு நாள் வாடகை இந்தப் பகுதிக்கு வாங்கிய சீலன்ட் முழுவதின் விலையைத் தாண்டியது, அதனால் பொறுமை லாபம்தான்.

ரிக் என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. வேகம் மாற்றக்கூடிய மின்விசிறி, 100 மில்லிமீற்றர் குழாய்க்குள் 50 மில்லிமீற்றர் துளைத் தகடு, இரண்டு டிஜிட்டல் மேனோமீட்டர். ஒன்று டக்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும், மற்றது துளைத் தகட்டின் இரு பக்க வித்தியாசத்தைக் காட்டும். அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்க ரிக் எவ்வளவு காற்றை ஊட்ட வேண்டியிருக்கிறதோ அதுதான் கசிவு. எங்கள் ரிக்கின் அளவுத்திருத்தச் சான்றிதழில் இருந்தது:

```
Q = 1.65 × √Δp
```

Q விநாடிக்கு லீற்றரில், Δp பாஸ்கலில். ஆக 23.5 லீற்றர் வரம்பு என்றால் இரண்டாவது மேனோமீட்டர் 203-ஐத் தாண்டக் கூடாது. அந்த எண்ணை மார்க்கரால் ரிக்கின் மேல் பெரிதாக எழுதி வைத்தோம், தகர வேலை பாஸும் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று. சான்றிதழ் ஒரு வருடத்துக்குள் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: டக்ட் அழுத்தம் எடுக்கும் மெல்லிய குழாயை ரிக்கின் குழாய் நுழையும் தகட்டிலேயே போடாதீர்கள். உள்ளே வரும் காற்றின் வீச்சு வாசிப்பைக் குழப்பும். நாங்கள் ஆறு மீற்றர் தள்ளி பக்கத் தகட்டில் துளை போட்டோம்.

மின்விசிறியை மெதுவாக ஏற்றினோம். முழு வேகத்துக்குப் போயும் டக்ட் அழுத்தம் 4 பாஸ்கலில் நின்றது. இப்படி வந்தால் இடுக்குத் தேட வேண்டாம், முழு வாய் ஒன்று திறந்திருக்கிறது. பீமுக்குப் பின்னால் ஒரு 250 வட்டக் கிளை, வரைபடத்தில் பின்னர் சேர்த்தது, மூடியில்லாமல் நின்றது. மூடினோம்.

அடுத்த ஏற்றத்தில் 300 பாஸ்கல் சுலபமாக வந்தது. இரண்டாவது மேனோமீட்டரில் 617. கணக்கில் 41 லீற்றர். ஏ வகுப்பு என்றால் வரம்பு 70, கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கலாம். பி வகுப்புக்குத் தோல்வி.

சோப்புத் தண்ணீர் எடுக்கும் முன் நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, 150-இல் இன்னொரு வாசிப்பு எடுப்பேன். எல்லா மூட்டிலும் மெல்லிய இடுக்குகள் பரவி இருந்தால் கசிவு அந்த 0.65 அடுக்கின்படி நடக்கும், 150-இல் இருப்பதைப் போல 1.57 மடங்கு 300-இல் வரும். ஒன்றிரண்டு பெரிய ஓட்டைகள் என்றால் சாதாரணத் துளையைப் போல வர்க்கமூலப்படி நடந்து 1.41 மடங்குக்கு அருகில் வரும். விகிதம் 1.57-ஐ விட நன்றாகக் கூடினால் அழுத்தத்தில் ஏதோ திறந்துகொள்கிறது, பெரும்பாலும் ஆய்வுக் கதவின் கேஸ்கெட் அல்லது அடைப்புத் தகட்டின் ஓரம். எங்களுக்கு 150-இல் 28.5 லீற்றர், விகிதம் 1.44. அதனால் எல்லா மூட்டையும் திரும்பப் பூசச் சொல்லாமல், பெரிய ஓட்டையைத் தேடுங்கள் என்றேன். இது நிச்சயமான அளவீடு இல்லை, எங்கே தொடங்குவது என்று காட்டும் அடையாளம்தான். ஆனால் நாள் முழுக்க வீணாகாமல் காப்பாற்றும்.

முதலில் காது. சைட்டில் மற்ற வேலைகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்தச் சொல்லி, ஏணியில் ஏறிக் கேட்டுக்கொண்டே போனோம். டேம்பர் தண்டு ஒன்று மெல்ல விசிலடித்தது. சஸ்பென்ஷன் பட்டியை இழுத்துப் பிடிக்க யாரோ டக்ட் தகட்டிலேயே திருகிய ஆணிகள் மூன்று, அவற்றின் ஓரத்தில் சோப்பு நுரைத்தது. இரண்டையும் அடைத்தும் 37 லீற்றருக்குக் கீழே இறங்கவில்லை.

மீதி எங்கே என்று பாஸ்தான் சொன்னார். "தம்பி, கீழ்ப்பக்கமும் பக்கவாட்டும் நான் என் கண்ணால பார்த்துப் பூசினது. மேல்பக்கம் சிலாப் இருக்கு. அங்க சீலன்ட் துப்பாக்கி நுழையவே இல்ல."

டிரங்கின் மேல் தகட்டுக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையில் ஆறு சென்றிமீற்றர்தான் இடைவெளி. சோப்புத் தண்ணீரை அங்கே தெளிக்கலாம், நுரையைப் பார்க்க முடியாது. கைத்தொலைபேசியை ஒரு அலுமினியப் பட்டியில் கட்டி, டார்ச்சைப் போட்டு, படம் எடுத்துக்கொண்டே தள்ளினோம். இரண்டு மூட்டுகளில் ஒரே மாதிரிக் குறை தெரிந்தது. ஃபிளாஞ்சின் இரண்டு நீளப் பட்டிகளும் சேரும் மூலைத் தகட்டில் போல்ட் முடுக்கப்பட்டிருந்தது, ஆனால் மூலைத் தகட்டுக்கும் டக்ட் தகட்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு முக்கோண இடுக்கு. கேஸ்கெட் நாடாவும் மூலையைத் தாண்டாமல் அதற்கு முன்னே வெட்டப்பட்டிருந்தது. பட்டி எவ்வளவு நேராக இருந்தாலும் நான்கு மூலைகளிலும்தான் காற்று வழி கண்டுபிடிக்கும். மூலைகளுக்குத் தனியாக சீலன்ட் வைப்பது இதற்காகத்தான்.

வெளியிலிருந்து கை எட்டாத மூட்டை உள்ளிருந்து பூசலாம். அருகில் பக்கத் தகட்டில் 300க்கு 300 ஆய்வு வாய் வெட்டி, ஒல்லியான பெடியன் ஒருவன் தோள்வரை கையை விட்டுத் தூரிகையால் மேல் மூலைகளைப் பூசினான். அந்த வாய்க்கு முறையான கேஸ்கெட் கதவு போட்டோம், பின்னால் டக்ட் சுத்தம் செய்யவும் உதவும். இரண்டு மூட்டுக்கு இரண்டு கதவு. தகடும் கதவும் பெரிய செலவில்லை. இரண்டு ஆட்களின் ஒரு நாள் கூலியும், காய்வதற்குக் காத்திருந்து ரிக்குக்கு இன்னொரு நாள் வாடகையும்தான் செலவு.

காய்ந்த பிறகு மறுபடி ஏற்றினோம். 300-இல் Δp 156, அதாவது 20.6 லீற்றர். 150-இல் 13.1, விகிதம் 1.57. மிச்சம் இருப்பது எல்லா மூட்டிலும் பரவிய மெல்லிய கசிவு மட்டும். அதோடு விட்டுவிட்டோம்.

இனி சாட்சியோடு செய்யும் சோதனை. ஆலோசகரின் ஆள் வந்ததும் மேனோமீட்டர்களை அவர் முன்னால் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். 300-க்கு ஏற்றி, முதல் வாசிப்பு. பிறகு அதே அழுத்தத்தில் பதினைந்து நிமிடம், கசிவு ஏறக் கூடாது. பிறகு மின்விசிறியை நிறுத்தி அழுத்தம் பூச்சியத்துக்கு இறங்க விட்டு, உடனே மறுபடி 300. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் தாண்டிவிடுவார்கள். இறங்கி ஏறும்போது தகடு உள்ளே வெளியே அசையும், பாதி காய்ந்த சீலன்ட் அப்போதுதான் விட்டுக்கொடுக்கும். எங்களுக்கு மூன்று வாசிப்பும் ஒன்றாகவே இருந்தன. தாளில் பகுதி எண், பரப்பளவு, அழுத்தம், வரம்பு, வாசிப்பு, ரிக்கின் சான்றிதழ் எண் எல்லாம் எழுதிக் கையொப்பம். அதன் பிறகுதான் இன்சுலேஷன் ஆட்களை உள்ளே விட்டேன். முதலில் சுற்றிவிட்டுப் பிறகு சோதித்தால் இன்சுலேஷனும் சேர்ந்து ஓட்டையை மறைக்கும், கசிந்தால் உரித்துத் தேட வேண்டும்.

மிச்சப் பகுதிகளில் ஏற்கெனவே மாற்றியது இரண்டு. சிலாப்பை ஒட்டிப் போகும் டிரங்கை இனித் துண்டு துண்டாக மேலே ஏற்றுவதில்லை. தரையில் இரண்டு துண்டைச் சேர்த்து, நான்கு பக்கமும் நான்கு மூலையும் பூசி, காயவைத்துத்தான் ஏற்றுகிறோம், மேலே செய்ய வேண்டிய மூட்டு பாதியாகக் குறைகிறது. கேஸ்கெட் நாடாவை மூலையில் வெட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ரிட்டர்ன் டக்ட் அடுத்த மாதம். அது இயங்கும்போது உறிஞ்சும் பக்கம், சீலிங்கின் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும் என்பதால் அதையும் பி வகுப்பிலேயே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அடுத்த டெண்டருக்கு விலை கொடுக்கும்போது சி வகுப்பு என்று மட்டும் இருந்தால் நான் திருப்பி அனுப்பப்போகும் வரி இது: குறைந்த அழுத்தக் கட்டுமானம், டி.டபிள்யூ. 144, கசிவு வரம்பு பி வகுப்பு, சோதனை அழுத்தம் 300 பாஸ்கல், மின்விசிறி அறையிலிருந்து வி.ஏ.வி. பெட்டிவரை உள்ள டிரங்க் மட்டும், இன்சுலேஷனுக்கு முன், பரப்பளவு முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, சாட்சியோடு.